யூசுபோவ் முதலிலா, பயிற்சிப் புத்தகம் முதலிலா? பெரியவர்களுக்கான செஸ் புத்தக வரிசை

வளர்ந்த பிறகு செஸ்ஸில் இறங்கியவர் எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்று கேட்டால், இரண்டு பதில்கள்தான் மாறி மாறி வரும். ஆரஞ்சு, நீலம், பச்சை என்று மூன்று நிலைகளாக வரும் அர்தூர் யூசுபோவின் ஒன்பது புத்தக வரிசையில் முதல் ஆரஞ்சுப் புத்தகத்தை எடுத்து, அப்படியே பிடித்துக்கொண்டு போ என்பது ஒன்று. முதலில் எளிய பயிற்சிக் கணக்குகள் நிறைந்த ஒரு புத்தகம், அப்புறம் இர்விங் செர்னெவ், பக்கத்திலேயே ஜெரமி சில்மனின் எண்ட்கேம் புத்தகம், யூசுபோவ் கடைசியில் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது வழியில் போனவன். அதனால் என் தராசு அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

மற்ற வழிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஓபனிங் புத்தகத்தில் தொடங்குவது வீண். எதிராளி நான்காவது நகர்த்தலிலேயே புத்தகத்தை விட்டு வெளியே போய்விடுவார், ஏழாவதில் உங்கள் குதிரை சும்மா வெட்டுப்படும். நிம்ஸோவிச்சின் 'மை சிஸ்டம்' பெரிய புத்தகம்தான், ஆனால் காயைப் பறிகொடுக்காமல் ஒரு ஆட்டத்தை முடிக்கத் தெரிந்த பிறகே அது பேசுவது காதில் விழும்.

யூசுபோவின் முதல் புத்தகத்தில் 24 அத்தியாயங்கள். இரண்டு அத்தியாயம் மேட் வடிவங்கள், அடுத்து ஓபனிங் கொள்கைகள், அடுத்து எளிய சிப்பாய் எண்ட்கேம் என்று தலைப்பு மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் 12 கணக்குகள், அவற்றுக்கு மதிப்பெண், தேறுவதற்கு ஒரு குறைந்தபட்ச எல்லை. அதைத் தொடாவிட்டால் அத்தியாயத்தைத் திரும்பப் படி என்று அவரே சொல்லிவிடுகிறார். தனியாகப் படிக்கிறவருக்கு இந்தக் கண்டிப்பு நல்ல துணை. ஒரே வரிசையில் எல்லாம் வந்துவிடுவதால் அடுத்து எதை வாங்குவது என்ற குழப்பமும் கிடையாது.

பிறகு ஏன் அதை முதலில் எடுக்கக்கூடாது? ஒரு யுக்திக்கு எத்தனை கணக்கு கிடைக்கிறது என்பதுதான் என் பதில். பெரியவர்களுக்குப் புரிதல் சட்டென வந்துவிடும், கண்ணுக்குத் தெரிவதுதான் தாமதமாகும். குதிரை ஒரே நேரத்தில் ராஜாவையும் யானையையும் தாக்குவதை இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம். d5-இல் நிற்கும் வெள்ளைக் குதிரை c7 சிப்பாயை வெட்டி, e8 ராஜாவுக்குச் செக் வைத்து, a8 யானையையும் பிடிக்கிறது. கேட்டவர் தலையாட்டுவார். மறுநாள் ஆட்டத்தில் அதே நிலை வரும்போது ராணியை எங்கே நகர்த்தலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

1966 உலகப் பட்டப் போட்டியின் பத்தாவது ஆட்டத்தைப் பாருங்கள். பெட்ரோசியன் தன் ராணியை h8-இல் வைத்துச் செக் கொடுத்தார், ஸ்பாஸ்கி அங்கேயே ஆட்டத்தைக் கைவிட்டார். ராஜா அந்த ராணியை வெட்டினால் குதிரை f7-இல் வெட்டிச் செக் வைக்கும், g5-இல் நிற்கும் கறுப்பு ராணியும் அதே குதிரையின் பிடியில் விழும். இந்த அற்புதத்தில் கடைசிக் கண்ணி என்ன? c7-இல் பார்த்த அதே சாதாரணக் குதிரைத் தாக்குதல்தான். அந்தக் கண்ணி யோசிக்காமலே கண்ணில் பட்டால்தான் ராணியைக் கொடுக்கலாம் என்ற எண்ணமே தோன்றும். யூசுபோவின் கணக்குகள் பெரும்பாலும் இந்த வகை: எளிய யுக்தி உள்ளே இருக்கும், அதற்கு முன்னால் ஒன்றிரண்டு நகர்த்தல்கள் கணக்கிட வேண்டியிருக்கும். அட்டையில் 1500 ரேட்டிங்குக்குக் கீழே என்று போட்டிருந்தாலும் புதியவர் திணறுவது இதனால்தான். 12 கணக்கில் நாலைந்து போட்டுவிட்டு மீதிக்கு விடையைப் பார்த்தால் ஏதோ படித்த மாதிரி இருக்கும், கண் பழகியிருக்காது.

எளிய பயிற்சிப் புத்தகம் அந்தப் பழக்கத்தைத்தான் தருகிறது. மாசெட்டியும் மெஸ்ஸாவும் தொகுத்த '1001 செஸ் எக்ஸர்சைஸஸ் ஃபார் பிகினர்ஸ்' ஒரு வழி, டச்சுக்காரர்களின் ஸ்டெப்ஸ் முறைப் புத்தகங்கள் இன்னொரு வழி. எனக்குப் பிடித்தது ஸ்டெப்ஸ். பாட விளக்கம் குறைவுதான். ஆனால் நிலை நிலையாகப் பிரித்த இந்த வரிசையில், ஒரு நிலைக்கான புத்தகத்தோடு அதே நிலைக்கு 'மிக்ஸ்' என்று தனிப் புத்தகம் உண்டு, அதில் யுக்திகள் கலந்து வரும். இது சின்ன விஷயமில்லை. பக்கத்தின் தலையில் 'இரட்டைத் தாக்குதல்' என்று எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்துவிட்டது, நிஜ ஆட்டத்தில் அப்படி யாரும் எழுதி வைப்பதில்லை. தலைப்பில்லாத பன்னிரண்டு கணக்குகளில் பத்தையாவது, காயைத் தொடாமல், கால் மணி நேரத்துக்குள் போட முடிந்தால் அந்த நிலை முடிந்தது என்று நான் எடுத்துக்கொள்வேன். தவறிய இரண்டையும் பாருங்கள். யுக்தியே தெரியவில்லையா, அல்லது தெரிந்தும் எதிராளியின் பதிலைப் பார்க்க மறந்தீர்களா? முதலாவது என்றால் அதே புத்தகம் இன்னொரு சுற்று. இரண்டாவது என்றால் அடுத்த நிலைக்குப் போகலாம், வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டு.

பயிற்சி பாதி ஆனதும் செர்னெவின் 'லாஜிக்கல் செஸ்' சேரலாம். 1957-இல் வந்த புத்தகம், 33 ஆட்டங்கள், ஒரு நகர்த்தல் விடாமல் விளக்கம். எதிராளி ஏன் தோற்றார் என்பதைக் கதை போலச் சொல்வார். காஸ்லிங் செய்த ராஜாவின் முன்னால் h6 ஆடினாலே அழிவு என்கிற தொனி ஆரம்ப ஆட்டங்களில் அதிகம். அதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும், நல்ல ஆட்டக்காரர்கள் தேவைப்பட்டால் h6 ஆடத்தான் செய்கிறார்கள்.

எண்ட்கேமில் மட்டும் போட்டி நெருக்கம். சில்மனின் 2007 புத்தகம் ரேட்டிங் வாரியாகப் பிரித்தது. உன் பகுதி வரை படி, மூடி வை என்பது அவர் சொல்லும் முறை. e5-இல் வெள்ளை ராஜா, e4-இல் அதன் சிப்பாய், e7-இல் கறுப்பு ராஜா என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பின் முறை என்றால் வெள்ளை ஜெயிக்கும், வெள்ளையின் முறை என்றால் டிரா. அதே சிப்பாய் e3-இல் இருந்தால், வெள்ளையின் முறையானாலும் e4 தள்ளி முறையை எதிராளியிடம் கொடுத்து ஜெயித்துவிடலாம். சில்மன் இதையெல்லாம் பேச்சு வழக்கில் பொறுமையாகச் சொல்வார். யூசுபோவ் பத்தாவது அத்தியாயத்தில் இதே விஷயத்தை எடுத்து 12 கணக்குகளால் சோதிப்பார். புரிவதற்குச் சில்மன், புரிந்ததா என்று தெரிந்துகொள்ள யூசுபோவ். இந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் முன்கூட்டியே எட்டிப் பார்ப்பதில் தப்பில்லை.

சரி, யூசுபோவை எப்போது முழுதாக எடுப்பது? ஒரு அத்தியாயத்தைத் திறந்து, விடையைப் பார்க்காமல் எழுதி வைத்து, தேறும் மதிப்பெண்ணை இரண்டு மூன்று அத்தியாயங்களில் தொடர்ந்து தொட முடிந்தால் அப்போதே தொடங்கலாம். அதற்கு மேல் மற்ற புத்தகங்களைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆரஞ்சு வரிசையைப் பற்றித்தான் நான் பேச முடியும். நீலத்தில் கொஞ்ச தூரம்தான் போயிருக்கிறேன், பச்சையைத் திறந்ததில்லை. சின்ன வயதில் நிறைய ஆடி, நடுவில் விட்டவர்களுக்கு என் வரிசை மெதுவாகப் படலாம். அவர்கள் ஒரு 'மிக்ஸ்' பக்கத்தைப் போட்டுப் பார்த்து, பன்னிரண்டும் சரியாக வந்தால் நேரே ஆரஞ்சுக்குப் போகட்டும்.