பழைய மேலாளரிடம் எதைக் கேட்பது? கடிதம், கரை விசாரணை, தொலைபேசி: ஓர் ஒப்பீட்டு அலசல்

மண்டபத்துக்கு அருகே நண்டுச் சதை எடுக்கும் சிறிய ஆலை ஒன்றுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. சதை எடுக்கும் பெண்களையோ சுமை தூக்குபவர்களையோ சேர்ப்பதற்கு ரெஃபரன்ஸ் விசாரணை தேவைப்படுவதில்லை. இரண்டு நாள் வேலையைப் பார்த்தாலே போதும். கரையில் நின்று நண்டை எடை போட்டு வாங்கி, தண்ணீர் கோத்த நண்டையும் சினை நண்டையும் கழித்துவிட்டு, வியாபாரிகளுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் கொள்முதல் மேற்பார்வையாளரின் விஷயம் வேறு. அவருடைய தவறு மூன்று மாதம் கழித்துத்தான் கணக்கில் தெரியும். ஆகவே அந்தப் பதவிக்கு முந்தைய மேலாளரிடம் விசாரிக்காமல் நாங்கள் யாரையும் எடுப்பதில்லை. விசாரிப்பதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. சென்ற முறை ஒரே ஆளுக்கு மூன்றையும் பயன்படுத்திப் பார்த்தோம் என்பதால், அவற்றை அந்த ஒருவரைக் கொண்டே ஒப்பிடுகிறேன்.

விண்ணப்பித்தவர் ஓர் இறால் பதப்படுத்தும் நிறுவனத்தில் 2021 ஜூலை முதல் 2024 ஜூன் வரை கொள்முதல் பிரிவில் இருந்ததாக எழுதியிருந்தார். நேர்காணலில் நன்றாகவே பேசினார். வேலை உறுதி செய்வதற்கு முன் பழைய நிறுவனத்தில் விசாரிப்போம் என்று அவரிடம் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டோம். அப்போது அவர் வேறெங்கும் வேலையில் இல்லை. வேலையில் இருப்பவராக இருந்தால், இங்கே வேலை உறுதி என்று சொல்லும் முன்பு தற்போதைய முதலாளியை அழைக்கவே கூடாது. இங்கே மறுத்துவிட்டால் அங்கேயும் அவருக்கு வேலை இருக்காது.

முதல் வழி, நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவுக்குக் கடிதமும் படிவமும் அனுப்புவது. பதில் ஒன்பது நாள் கழித்து வந்தது: சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவியின் பெயர், “நடத்தை திருப்திகரம்”. இதற்கு மேல் எழுதினால் மானநஷ்ட வழக்கு வருமோ என்ற அச்சம் எல்லா நிறுவனங்களுக்கும் உண்டு. எழுத்தில் எவரும் குறை சொல்வதில்லை. ஆனாலும் தேதியைச் சரிபார்க்க இந்த வழி உதவியது. விலகிய நாள் 2024 ஏப்ரல் 30 என்று படிவம் சொன்னது, விண்ணப்பமோ ஜூன் என்றது.

தேதிக்குக் கடிதத்தைவிட நல்ல சான்று விண்ணப்பித்தவரின் பி.எஃப். பாஸ்புக்தான். அவரே தன் கணக்கில் நுழைந்து எடுத்துத் தரலாம், ஒன்பது நாள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சம்பள மாதத்துக்கும் செலுத்திய பங்களிப்பு அதில் தனித்தனி வரியாக இருக்கும். இவருடைய பாஸ்புக்கில் 2024 ஏப்ரல் மாதப் பங்களிப்பு வழக்கத்தில் பாதியாக இருந்தது. மே, ஜூன் மாதங்களுக்கு வரியே இல்லை. வெளியூர் அதிகாரி ஒருவர் இதைப் பார்த்தால் பொய்க் கணக்கு என்று விண்ணப்பத்தை ஓரம் வைத்துவிடுவார். ஆனால் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது. விசைப்படகு இறாலை நம்பியிருக்கும் ஆலைகள் அந்த இரண்டு மாதமும் ஆட்களைக் குறைத்துவிடும். நாட்டுப்படகு வலையில் விழும் நண்டை வாங்கும் எங்களைப் போன்ற ஆலைகளுக்கு அந்த அளவு நிறுத்தம் கிடையாது. ஆகவே இதே இடைவெளி ஒரு நண்டு ஆலைக்காரரின் பாஸ்புக்கில் இருந்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

அதே பாஸ்புக்கின் முந்தைய பக்கங்களில்தான் முக்கியமான செய்தி இருந்தது. 2022-லும் 2023-லும் மே மாதம் காலியாகவே இருந்தது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளிலும் ஜூனில் பங்களிப்பு திரும்ப ஆரம்பித்திருந்தது. 2024-ல் மட்டும் ஆரம்பிக்கவில்லை. தடை முடிந்ததும் இரண்டு முறை அழைக்கப்பட்டவர் மூன்றாம் முறை ஏன் அழைக்கப்படவில்லை என்பதற்குக் கடிதத்திலும் பதில் இல்லை, பாஸ்புக்கிலும் இல்லை.

இரண்டாவது வழி, இந்தப் பக்கத்தில் எல்லோரும் முதலில் செய்வது: கரையில் விசாரிப்பது. இறங்குதளத்தில் இரண்டு வியாபாரிகளிடமும் ஒரு கமிஷன் ஏஜெண்டிடமும் கேட்டால் அரை மணி நேரத்தில் ஒருவருடைய ஜாதகமே கிடைத்துவிடும். செலவும் இல்லை. அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்களே பேசுகிறார்கள் என்பதால் இதற்கு மதிப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. எங்கள் ஆள் ஒருவர் கேட்டு வந்தார். ஒரு வியாபாரி, “எடையில் அடிப்பார்” என்று சொன்னார். இன்னொருவர், “அவரிடம் எடையில் ஏமாற்ற முடியாது” என்று சொன்னார். இரண்டும் ஒரே உண்மையின் இரண்டு பக்கங்களாக இருக்கலாம்: ஈரத்தையும் ஐஸையும் சேர்த்து எடை போட விடாதவர்மேல், அதனால் காசு குறைந்தவருக்குக் கோபம் இருக்கத்தான் செய்யும். முன்பணம் வாங்கிய உறவு, சொந்தக்காரர், ஊர்ப் பகை எல்லாம் கரையில் கிடைக்கும் சொல்லில் கலந்திருக்கின்றன. எந்தச் சொல்லில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கரைப் பேச்சை மட்டும் நம்பி ஒருவரை நான் வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறேன். குறை சொன்னவர் அவரிடம் கடன் பாக்கி வைத்திருந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. விசாரித்த செய்தி அன்று மாலைக்குள் விண்ணப்பித்தவரின் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடும் என்பதும், நாம் கேட்காமலே சாதியும் குடும்பச் சச்சரவும் பேச்சில் வந்து விழும் என்பதும் மற்ற இரண்டு சங்கடங்கள்.

மூன்றாவது வழி, நேரடி மேலாளரோடு தொலைபேசியில் பேசுவது. என் கணக்கில் இதுவே முதல் இடம் பெறுகிறது, ஆனால் கேட்கும் விதம் சரியாக இருந்தால் மட்டும். விண்ணப்பித்தவர் கொடுத்த கைபேசி எண்ணை நேராக அழைப்பதில்லை. அங்கே ஒரு நண்பர் மேலாளராகப் பேசக்கூடும். நிறுவனத்தின் அலுவலக எண்ணை அழைத்து, அந்தப் பெயரில் அந்தப் பதவியில் ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு, அவர்கள் வழியாகவே பேச வேண்டும். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுகள் மற்ற நான்கு நாளும் கடலுக்குப் போவது வழக்கம். விசைப்படகு கரை திரும்பும் காலையில் இறால் ஆலை மேலாளரை அழைத்தால் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார். படகு போகாத நாளில், மாலை மூன்று மணிக்கு மேல், இருபது நிமிடம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

கேள்விகளிலும் இரண்டு வகைகள் போட்டி போடுகின்றன. ஒன்று கருத்தைக் கேட்பது: “ஆள் எப்படி? நேர்மையானவரா? மறுபடியும் எடுப்பீர்களா?” மற்றொன்று நடந்ததைக் கேட்பது. முதல் வகைக்கு எங்களுக்குக் கிடைத்த பதில்கள், “நல்ல பையன் சார்”, “ஒரு குறையும் சொல்ல முடியாது”, “தாராளமாக எடுப்போம்”. பிரிந்து போனவரைப் பற்றி முகம் தெரியாத ஒருவரிடம் குறை சொல்ல நம் ஊரில் யாருக்கும் மனம் வராது. எல்லோருக்கும் இதே மூன்று வாக்கியங்கள்தான். தேர்வு முறைகளைப் பற்றிய 85 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி 1998-ல் ஷ்மிட், ஹன்டர் இருவரும் வெளியிட்ட கட்டுரையில், பிற்கால வேலைத் திறனை முன்கூட்டிச் சொல்வதில் ரெஃபரன்ஸ் விசாரணைக்கு 0.26-உம், வரையறுத்த கேள்விகளோடு நடத்தும் நேர்காணலுக்கு 0.51-உம் கிடைத்தன. முழுக் கணிப்பு என்றால் அந்த எண் 1 ஆக இருக்கும். விசாரணையின் எண் இவ்வளவு குறைவாக இருப்பதில் இந்த “நல்ல பையன்” பதில்களுக்குப் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

நடந்ததைக் கேட்கும்போது பதிலின் தன்மை மாறுகிறது. “சரக்கு அளவுக்கு மீறி வந்த ஒரு நாளை நினைத்துப் பாருங்கள்; அன்று அவர் எங்கே நின்றார், எதை முதலில் செய்தார்?” என்று கேட்டேன். மேலாளர் சற்று யோசித்துவிட்டு, “தராசைவிட்டு நகர மாட்டார். வேறு யாரையும் எடை போட விட மாட்டார்” என்றார். கரையில் கேட்ட இரண்டு முரண்பட்ட சொற்களில் எது சரி என்பது இங்கே ஓரளவு தெளிந்தது.

அடுத்துக் கேட்டதுதான் இந்தக் கரைக்கே உரிய கேள்வி. “மறுபடியும் எடுப்பீர்களா?” என்பது மற்ற ஊர்களில் கற்பனைக் கேள்வி, இங்கே தடைக்காலம் அதை ஒவ்வோர் ஆண்டும் நிஜமாக்குகிறது. ஆகவே இப்படிக் கேட்டேன்: “ஜூன் 15-க்குப் பிறகு யாரை முதலில் கூப்பிட்டீர்கள்? 2022-லும் 2023-லும் இவர் எத்தனையாவது ஆள்?” முதல் இரண்டு பேரில் ஒருவர் என்று தயங்காமல் பதில் வந்தது. “2024-ல்?” என்றேன். மறுமுனையில் பேச்சு நின்றது. அந்த மௌனத்தை நாம் நிரப்பக் கூடாது என்பது இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒன்று, “ஒருவேளை சரக்கு குறைவோ?” என்று நாமே எடுத்துக் கொடுத்தால் அவரும் அதையே பிடித்துக்கொள்வார். சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்: அந்த ஆண்டிலிருந்து அன்றன்றைய கொள்முதலை அன்றைக்கே கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று முதலாளி உத்தரவிட்டார், இவரோ துண்டுச் சீட்டில் குறித்து வைத்து இரண்டு நாள் கழித்துத்தான் எழுதுவார், பலமுறை சொல்லியும் மாறவில்லை, ஆகவே வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள்.

அதோடு விடாமல், “அதனால் எப்போதாவது பணம் தவறியதா?” என்று கேட்டேன். ஒருமுறை 38 கிலோ வித்தியாசம் வந்ததாகவும், சீட்டு தொலைந்து போனதே காரணம் என்று தெரிந்ததாகவும், கையாடல் ஏதும் இல்லை என்றும் சொன்னார். இந்தத் தொடர் கேள்வி இல்லாவிட்டால், கணக்கு தாமதம் என்ற சொல் என் மனதில் திருட்டாகவே பதிந்திருக்கும். பதில்களை அவர் சொன்ன சொற்களிலேயே, பேசும்போதே எழுதிக்கொண்டேன். “ஒழுங்கில்லாதவர்” என்று சுருக்கி எழுதியிருந்தால் மறுநாள் நானே அதை வேறு அர்த்தத்தில் படித்திருப்பேன்.

திருமணம், சாதி, மதம், உடல்நலம், சொந்தக் கடன், சங்கத்தில் இருக்கிறாரா என்பவற்றை மேலாளரிடம் கேட்பதில்லை. அவரே பேச்சை அங்கே கொண்டுபோனாலும், “வேலையைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்” என்று திருப்பிவிடுவேன்.

தொலைபேசி வழிக்கும் ஓட்டை உண்டு. தன் ஆளைத் தள்ளிவிட நினைக்கும் மேலாளர் மிகையாகப் புகழ்வார். ஆள் விலகிப்போன கோபத்தில் இருப்பவர் மிகையாகப் பழிப்பார். இருவரையும் காட்டிக்கொடுப்பது ஒன்றுதான்: ஒரு குறிப்பிட்ட நாளையோ சம்பவத்தையோ கேட்டால் அவர்களிடம் விவரம் இருக்காது, திரும்பத் திரும்ப அடைமொழிகளே வரும். அப்படி நேர்ந்தால் இன்னொரு மேலாளரிடம் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்க வேண்டும். இவருடைய விஷயத்தில், அதற்கு முன் வேலை பார்த்த இடத்தின் மேலாளரிடமும் கேட்டோம். தராசைப் பற்றி அதே பதில் வந்தது. கணக்கு அங்கே வேறொருவர் கையில் இருந்ததால் அதைப் பற்றி அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை.

ஜூன் வரை வேலை பார்த்ததாக ஏன் எழுதினீர்கள் என்று விண்ணப்பித்தவரிடமே கேட்டோம். தடை முடிந்து கூப்பிடுவார்கள் என்று ஜூன் கடைசி வரை காத்திருந்ததாகவும், அதுவரை தன்னை அந்த நிறுவனத்து ஆளாகவே நினைத்திருந்ததாகவும் சொன்னார். பாஸ்புக் அதற்கு முரணாக இல்லை. அவரைத் தராசுக்கும் தரம் பிரிப்பதற்கும் எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு எடையையும் அவர் உரக்கச் சொல்ல, கரையிலேயே உட்கார்ந்து பதிவு செய்ய ஒரு பெண் எழுத்தரைத் தனியாக அமர்த்தினோம். பட்டுவாடாச் சீட்டில் இருவருடைய கையெழுத்தும் இருக்கும்.