ஊர் மாறும்போது ஜிம் பணத்தைத் திரும்பக் கேட்கிறீர்களா? கணக்கை நீங்களே போட்டு அனுப்புங்கள்

கோயம்புத்தூரில் ஜனவரியில் ஒரு ஜிம்மில் ஓராண்டுச் சந்தா கட்டியிருந்தேன். வரியோடு 24,000 ரூபாய். மே கடைசியில் ஹைதராபாத்துக்கு வேலை மாற்றம் வந்தது. மீதிப் பணம் கேட்டதற்கு, பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருந்த "கட்டணம் திருப்பித் தரப்படாது" என்ற வரியைக் காட்டினார் மேனேஜர். வேண்டுமானால் நண்பர் யாருக்காவது மாற்றிக்கொடுங்கள், அதற்கு ஒரு சிறு கட்டணம் உண்டு என்றார்.

பணம் கட்டியபிறகு கையில் திணிக்கிற தாள்தான் பில். நாம் கையெழுத்துப் போட்டது ஒப்பந்தத்தில். அதில் ஊர் மாறுவதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது: எந்தக் கிளையிலிருந்தும் 25 கிலோமீட்டருக்கு அப்பால் குடிபோனால், முகவரிச் சான்றோடு 30 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுக்க வேண்டும், செலுத்திய கட்டணத்தில் மீதி மாதங்களுக்கு உரிய பங்கிலிருந்து 10 சதவீதம் கழித்துக்கொண்டு திருப்பித் தருவார்கள். எல்லா ஜிம்மிலும் இப்படி இருக்காது. உங்கள் ஒப்பந்தத்தில் உண்டா என்று முதலில் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் சொன்னால் போதும் என்றார் வரவேற்பில் இருந்த பெண். வேண்டாம். ஒப்பந்தம் "எழுத்தில்" என்கிறது, அதில் கொடுத்திருக்கிற முகவரிக்கே கடிதம் போக வேண்டும். மின்னஞ்சல் ஒன்று, ஸ்பீட் போஸ்ட் ஒன்று என இரண்டு வழியிலும் ஜூன் 1 தேதியிட்டு அனுப்பினேன். எழுதியது இவ்வளவுதான்:

"எனது உறுப்பினர் எண் இது. ஒப்பந்தத்தின் இடமாற்றப் பிரிவின்படி சந்தாவை ரத்து செய்கிறேன். 30 நாள் முன்னறிவிப்பு ஜூன் 30 அன்று முடிகிறது. புதிய வேலைக்கான பணி ஆணையும் ஹைதராபாத் வீட்டின் வாடகை ஒப்பந்தமும் இணைத்துள்ளேன். மீதி ஆறு மாதங்களுக்கு உரியது 12,000 ரூபாய். அதில் 10 சதவீதமான 1,200 போக, 10,800 ரூபாயைக் கீழ்க்கண்ட கணக்கில் செலுத்தவும்."

கடைசி இரண்டு வரிகள்தான் கடிதத்தின் உயிர். தொகையை நாம் எழுதாவிட்டால் அவர்கள் ஒரு கணக்கு போடுவார்கள். எனக்கும் போட்டார்கள். ஓராண்டுச் சந்தா சலுகை விலையாம். ரத்து செய்தால் சலுகை போய்விடுமாம். அதனால் ஆறு மாதத்துக்கு மாதம் 3,500 வீதம் 21,000 கழித்தார்கள். மிச்சம் 3,000. அதிலும் முழுக் கட்டணத்தில் 10 சதவீதம் என்று 2,400 போய், கடைசியில் 600 ரூபாய் தருகிறோம் என்று பதில் வந்தது!

3,500 என்ற மாதவிலை ஒப்பந்தத்தில் எங்கேயும் கிடையாது. 10 சதவீதமும் மீதிப் பங்கில்தான், முழுத் தொகையில் இல்லை. இந்த இரண்டையும் பிரிவின் வாசகத்தோடு பதிலில் எழுதினேன். அடுத்து, ஹைதராபாத்தில் தங்களோடு "டை-அப்" உள்ள ஜிம் இருக்கிறது, அதனால் பிரிவே பொருந்தாது என்றார்கள். ஒப்பந்தத்தில் இருக்கிற சொல் "கிளை". கிளைகளின் பட்டியல் அதன் பின்பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது. அதில் ஹைதராபாத் இல்லை. சரி, ஜிஎஸ்டி அரசுக்குப் போய்விட்டது, அதைத் தர முடியாது என்று இன்னொன்று. சேவை ரத்தானால் கிரெடிட் நோட் போட்டு வரியைக் குறைத்துக்கொள்ள ஜிஎஸ்டி சட்டத்திலேயே வழி இருக்கிறது. அவர்களுடைய ஆடிட்டருக்கு இது தெரியாமலா இருக்கும்?

அப்புறம்தான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். உதவி எண்ணில் இருப்பவர்கள் ஜிம் நிறுவனத்திடம் பேசி முடித்துவைக்கப் பார்ப்பார்கள், உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போக வேண்டும். ஊரைவிட்டுப் போனவன் வழக்குக்காகக் கோவைக்கு வந்து அலையமாட்டான் என்பதுதான் ஜிம்காரர்களின் தைரியம். ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, புகார்தாரர் வசிக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. ஹைதராபாத்தில் வழக்குப் போடப்போகிறேன் என்று இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் 10,800 ரூபாய் வந்து சேர்ந்தது.

இன்னொன்று. பர்சனல் ட்ரெய்னருக்கென்று தனியாக யுபிஐ ஆட்டோபே போட்டிருந்தால், சந்தா ரத்தானாலும் அது தன்பாட்டுக்கு ஓடும். எனக்கு ஜூலையிலும் பிடித்தார்கள். கடிதம் அனுப்பும் அன்றே யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் நீங்களே ரத்து செய்துவிடுங்கள், அதற்கு ஜிம்மின் சம்மதம் தேவையில்லை. ஈஎம்ஐயில் சேர்ந்தவர்கள் மட்டும் அப்படி நிறுத்தக்கூடாது. அது கடன் கொடுத்த நிதி நிறுவனத்துக்குப் போகிற பணம், தவணை தவறினால் சிபில் மதிப்பெண் அடிபடும். கடனை முடித்துவைக்கச் சொல்லி ஜிம்முக்கும் நிதி நிறுவனத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, முடிந்ததற்கான சான்று கைக்கு வரும்வரை தவணையைக் கட்டிக்கொண்டே இருங்கள்.