முன்பின் பார்த்திராத அறிவியல் பத்தி: சொல்லைத் தேடுவதா, கூற்றையும் சான்றையும் பிரிப்பதா?

தேர்வில் பாடப்புத்தகத்துக்கு வெளியே இருந்து ஒரு அறிவியல் பத்தி வருகிறது, கீழே நான்கைந்து கேள்விகள். பெரும்பாலான மாணவர்கள் இதற்கு ஒரே வழியைத்தான் பழகியிருக்கிறார்கள். முதலில் கேள்வியைப் படிப்பது, அதிலுள்ள முக்கியச் சொல்லைப் பத்தியில் தேடுவது, அகப்பட்ட வாக்கியத்தை எழுதுவது. இதைத் 'தேடல் முறை' என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு வழி, பத்தியை முழுதாகப் படித்து, எழுதியவர் எதை வாதிடுகிறார், அதற்கு எதைக் காட்டுகிறார் என்று இரண்டாகப் பிரித்துக் குறித்துக்கொண்டு, அதன் பிறகே கேள்விக்குப் போவது. இரண்டையும் ஒரே பத்தியில் ஓடவிட்டுப் பார்த்தால் எது எங்கே உதவுகிறது என்பது தெரிந்துவிடும்.

பத்தி இது:

"தாவரத்தின் உடல் எதிலிருந்து உருவாகிறது என்று யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் அறிய விரும்பினார். அடுப்பில் உலர்த்திய 200 பவுண்டு மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். தேவைப்பட்டபோது மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ மட்டும் ஊற்றினார். தூசி மண்ணில் கலக்காதபடி, துளைகளிட்ட இரும்புத் தகட்டால் தொட்டியை மூடிவைத்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து மரம் 169 பவுண்டும் ஏறத்தாழ 3 அவுன்சும் இருந்தது. இடையில் நான்கு இலையுதிர் காலங்களில் உதிர்ந்த இலைகளை அவர் எடை போடவில்லை. மண்ணை மீண்டும் உலர்த்தி நிறுத்தபோது ஏறத்தாழ 2 அவுன்சு மட்டுமே குறைந்திருந்தது. ஆகவே 164 பவுண்டு மரமும் பட்டையும் வேரும் நீரிலிருந்து மட்டுமே தோன்றின என்று முடிவு செய்தார்."

ஹெல்மான்ட் இறந்த பிறகு, 1648-இல் அச்சான நூலில் இருக்கும் உண்மையான சோதனை இது. கேள்விகள் நான்கு:

1. ஐந்து ஆண்டுகளில் மண்ணின் எடை எவ்வளவு குறைந்தது?
2. எடை போடும் முன் இரண்டு முறையும் மண்ணை உலர்த்தியது ஏன்?
3. மரம் நீரிலிருந்து மட்டுமே உருவானது என்பதை இந்தச் சோதனை நிறுவுகிறதா? காரணம் கூறுக.
4. உதிர்ந்த இலைகளையும் எடை போட்டிருந்தால் அவருடைய முடிவு வலுப்பெற்றிருக்குமா?

முதல் கேள்விக்குத் தேடல் முறைதான் சரி. 'மண்', 'குறைந்தது' என்று கண்ணை ஓட்டினால் அரை நிமிடத்தில் விடை: ஏறத்தாழ 2 அவுன்சு. இதற்குப் போய் கூற்று, சான்று என்று பிரித்துக்கொண்டிருப்பது வீண் வேலை.

இரண்டாவதில் இந்த முறை தடுமாறத் தொடங்குகிறது. 'உலர்த்திய' என்ற சொல் பத்தியில் கிடைக்கும், காரணம் கிடைக்காது. தேடிப் பழகியவர் அந்த வாக்கியத்தையே திருப்பி எழுதுவார், அல்லது பக்கத்தில் இருக்கும் தூசி வாக்கியத்தைக் காரணமாக ஒட்டிவைப்பார். தூசியைத் தடுத்தது மூடி. உலர்த்தியது வேறு ஒன்றுக்காக: ஈர மண்ணில் நீரின் எடையும் சேர்ந்திருக்கும். முதல் முறை ஈரம் ஒரு அளவிலும் இரண்டாம் முறை வேறு அளவிலும் இருந்தால், குறைந்தது மண்ணா நீரா என்று சொல்லவே முடியாது.

மூன்றாவது கேள்வி தேடல் முறைக்கு வைத்த பொறி. 'நீரிலிருந்து மட்டுமே' என்ற சொற்கள் பத்தியில் அப்படியே இருக்கின்றன, அதுவும் 'முடிவு செய்தார்' என்று முடியும் வாக்கியத்தில். கண்டதும் 'ஆம், நிறுவுகிறது' என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் பத்தியில் ஒரு கூற்று இருப்பது ஒன்று, பத்தியிலுள்ள சான்று அதைத் தாங்குவது வேறொன்று. சொல்லைத் தேடும் கண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியாது, ஏனென்றால் சொல் இரண்டுக்கும் பொதுதானே.

அடிக்கோடிட்டுப் படிக்கும் முறையும் உண்டு. அதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இந்தப் பத்தியில் எண் இருக்கும் வாக்கியங்களுக்கு மட்டும் கோடு போட்டாலே பாதிப் பத்தி நிறைந்துவிடும். எது எதற்காகச் சொல்லப்பட்டது என்பதைக் கோடு சொல்லாது.

சரி, பிரித்தெழுதும் முறைக்கு வருவோம். முதல் வேலை கூற்றைக் கண்டுபிடிப்பது. தமிழில் இதற்கு வாக்கியத்தின் கடைசி வரை போக வேண்டும், ஏனென்றால் வினை அங்கேதான் இருக்கிறது. 'நிறுத்தபோது குறைந்திருந்தது' என்று முடிந்தால் அது ஒருவர் அளந்து கண்டது. 'என்று முடிவு செய்தார்', 'எனக் கருதினார்' என்று முடிந்தால் ஒருவரின் கூற்று. 'இருக்கலாம்', 'இருக்கக்கூடும்' என்றால் கூற்றிலும் தயக்கம் கலந்தது. வாக்கியத்தைப் பாதியில் விட்டுத் தாவுகிறவர் இழப்பது இந்தக் கடைசிச் சொல்லைத்தான். இந்தப் பத்தியில் வெளிப்படையான கூற்று ஒன்றே ஒன்று, கடைசி வாக்கியம்.

அடுத்து, மிச்சமுள்ள வாக்கியங்களில் எது செய்முறை, எது கண்டறிந்தது என்று பார்க்க வேண்டும். மண்ணை உலர்த்தியது, தகட்டால் மூடியது, நீர் மட்டும் ஊற்றியது எல்லாம் அவர் செய்தவை. மரம் 164 பவுண்டு கூடியது, மண் 2 அவுன்சு குறைந்தது ஆகியவை அவர் கண்டவை. பழகாதவர்கள் செய்முறையையும் சான்று என்றே எழுதிவிடுகிறார்கள். செய்முறை தனியாக எதையும் நிறுவாது, கண்டதை நம்பலாமா என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. இரண்டாம் கேள்வியின் விடை வருவது இந்த இடத்திலிருந்துதான்: ஒவ்வொரு செய்முறைக்கும் எதிரே 'இதைச் செய்யாவிட்டால் எந்த அளவீடு கெடும்?' என்று கேட்டால் போதும்.

தாளின் ஓரத்தில் குறிப்பு இப்படி இருக்கும்:

கூற்று: 164 பவுண்டும் நீரிலிருந்து மட்டுமே.
சான்று: மரம் +164 பவுண்டு, மண் −2 அவுன்சு.
இடைவெளி: மண், நீர் தவிர வேறெதுவும் மரத்துக்குள் போகவில்லை என்று எடுத்துக்கொண்டார்.

இந்த மூன்றாம் வரிதான் இந்த முறையின் உயிர். பத்தியில் இது எங்கும் எழுதப்படவில்லை. சான்றைப் படித்துவிட்டுக் கூற்றுக்குத் தாவும்போது எதை நம்பித் தாவுகிறோம் என்று கேட்டால் கிடைப்பது. கேட்டதும் கூற்று இரண்டாக உடைவதும் தெரியும். மரத்தின் எடையில் பெரும்பகுதி மண்ணிலிருந்து வரவில்லை என்பது ஒன்று. அதற்குச் சான்று உறுதியாகவே இருக்கிறது, 164 பவுண்டுக்கு எதிரே 2 அவுன்சு என்றால் வாதாட இடமில்லை. எல்லாம் நீரிலிருந்து மட்டுமே வந்தது என்பது மற்றொன்று. காற்றை அவர் அளக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. மூடியில் துளைகள் இருந்தன, இலைகளோ திறந்தவெளியில் இருந்தன. ஆக மூன்றாம் கேள்விக்கு விடை: நிறுவவில்லை. மண் பெரும் பங்களிக்கவில்லை என்று மட்டுமே சோதனை காட்டுகிறது, காற்றின் பங்கு விலக்கப்படாததால் 'மட்டுமே' என்பதற்குச் சான்று இல்லை.

நன்றாகப் படிக்கும் மாணவர் சறுக்கும் இடம் ஒன்று இங்கே உண்டு. ஒளிச்சேர்க்கை தெரிந்தவர் பத்தியை விட்டுவிட்டு, 'தவறு, தாவரம் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்கிறது' என்று எழுதி முடித்துவிடுவார். தகவல் சரி. ஆனால் கேள்வி சோதனையைப் பற்றியது. இந்தச் சோதனையில் எந்த இடத்தில் ஓட்டை என்று சுட்டாத விடைக்கு முழு மதிப்பெண் எதிர்பார்க்க முடியாது. வெளியறிவு ஓட்டையைக் கண்டுபிடிக்க உதவட்டும், விடையைப் பத்தியிலிருந்தே கட்ட வேண்டும். (வேடிக்கை என்னவென்றால், கரியை எரித்தால் வெளிவரும் வாயுவைப் பற்றி எழுதியவரும் இதே ஹெல்மான்ட்தான். இன்று நாம் கார்பன் டை ஆக்சைடு என்று சொல்வது அதைத்தான். தன் மரத்தின் உடலில் அது சேர்ந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.)

நான்காம் கேள்வியில் இரண்டு முறைகளுக்குமான தூரம் இன்னும் கூடுகிறது. தேடினால் கிடைப்பது 'எடை போடவில்லை' என்ற வாக்கியம். அதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டு, 'ஆம், போட்டிருந்தால் முடிவு வலுப்பெற்றிருக்கும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதலாம், அல்லது 'அதனால் சோதனை தவறு' என்று எழுதலாம். குறிப்பை வைத்திருப்பவர் எந்த முடிவு என்று திருப்பிக் கேட்பார். இலைகளைச் சேர்த்தால் மொத்த வளர்ச்சி 164 பவுண்டுக்கும் மேலே போகும், மண்ணின் இழப்போ அதே 2 அவுன்சுதான். எனவே மண் காரணமல்ல என்பது இன்னும் வலுப்பெறும். நீர் மட்டுமே என்பதில் எந்த மாற்றமும் இல்லை, ஏனென்றால் அந்த இலைகளின் பொருள் நீரிலிருந்து வந்ததா காற்றிலிருந்து வந்ததா என்பதை இலையின் எடை சொல்லாது. இப்படி இரண்டாகப் பிரித்துச் சொன்னால்தான் விடை நிறைவு பெறும்.

இவ்வளவு சொன்னாலும், பிரித்தெழுதுவதை எல்லாப் பத்திக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நேரம் பிடிக்கும் வேலை அது, பழகாதவர் வாக்கியங்களை அப்படியே பெயர்த்தெழுதினால் நேரம் இன்னும் போகும். குறிப்பு மேலே காட்டியதுபோல எண்ணும் துண்டுச் சொல்லுமாக மூன்று வரிக்குள் நிற்க வேண்டும். அப்புறம், இதயத்தின் நான்கு அறைகளையோ எரிமலையின் வகைகளையோ விவரிக்கும் பத்தியில் வாதமே இருக்காது. அங்கே கூற்று, சான்று என்று தேடினால் ஒவ்வொரு வாக்கியமும் கூற்றுப் பக்கம் போய் விழும், சான்றுப் பக்கம் காலியாகவே நிற்கும். அப்படி நின்றால் குறிப்பை விட்டுவிட்டுத் தேடல் முறைக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு முறை முழுதாகப் படித்ததும் 'ஆகவே', 'இதிலிருந்து', 'காரணம்' போன்ற சொல்லோ யாரோ ஒருவர் முடிவுக்கு வருவதோ கண்ணில் படவில்லை என்றால், அது பெரும்பாலும் விவரணைப் பத்திதான்.

கேள்விகளின் முகமும் முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடும். எவ்வளவு, எப்போது, யார் என்றால் தேடு. ஏன் அப்படிச் செய்தார், நிறுவுகிறதா, எந்த முடிவு பொருந்தும், வலுப்பெறுமா என்றால் குறிப்பு வேண்டும். ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் வரும் 'சரி, தவறு, கூறப்படவில்லை' என்ற வகைக் கேள்விகளில் மூன்றாவது தெரிவில் பலர் தடுமாறுவதும் இதனால்தான். சொற்கள் எல்லாம் பத்தியில் இருக்கும், அவற்றை இணைக்கும் கூற்று மட்டும் இருக்காது. மேலே உள்ள பத்தியிலேயே 'மண் இழந்த 2 அவுன்சை மரம் உறிஞ்சியது' என்று ஒரு வாக்கியம் கொடுத்துப் பாருங்கள். மண், மரம், 2 அவுன்சு எல்லாம் பத்தியில் உண்டு. மரம் கொஞ்சம் கனிமங்களை உறிஞ்சியிருக்கும் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் அந்த இழப்பு எங்கே போனது என்று ஹெல்மான்ட்டும் சொல்லவில்லை, பத்தியும் சொல்லவில்லை. விடை: கூறப்படவில்லை.