டிரெய்லர் இணைப்புப் பொருத்தியவர் டயரில் செய்த கோளாறு

காரில் டிரெய்லர் இழுப்பதற்கான இணைப்பைப் பொருத்தக் கொடுத்திருந்தேன். "டயர் அழுத்தம் சரிசெய்தல்" என்று தனியாகவே கட்டணம் வாங்கினார்கள். செய்தது என்னவென்றால், நான்கு சக்கரங்களிலும் ஒரே அளவாக 33 பி.எஸ்.ஐ. காற்றை நிரப்பியதுதான். நெடுஞ்சாலையில் டிரெய்லருடன் போனபோது காரின் பின்பகுதி பக்கவாட்டில் அலைந்தது. எதிரே வந்தவர்கள் என் முகப்பு விளக்கு கண்ணைக் கூசச் செய்கிறது என்று விளக்கடித்துக் காட்டினார்கள். வண்டியை நிறுத்திவிட்டு அந்தக் கடைக்காரரை அழைத்தேன். பின் டயர் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது, அழுத்தமானி 39 காட்டுகிறது என்றேன். "சூட்டில் காற்று கூடிவிட்டது, 33 வரும்வரை இறக்கிவிடுங்கள்" என்றார். இந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பாரத்துக்குக் காற்று போதாமல் டயர் அதிகமாக நசுங்கி நெளிவதால்தான் அவ்வளவு சூடு. அதிலிருந்து இன்னும் இறக்கினால் நெளிவு கூடும், சூடும் கூடும், கடைசியில் டயர் வெடிக்கும்.

வழியில் ஓர் எடைமேடையில் டிரெய்லரைப் பூட்டியபடியே பின் சக்கரங்களை மட்டும் ஏற்றிப் பார்த்தேன். டிரெய்லர் இல்லாமல் 780 கிலோ இருந்த பின் அச்சில் இப்போது 920 கிலோ. டிரெய்லரின் மூக்கு இணைப்புக் குமிழை அழுத்தும் எடையோ வெறும் 100 கிலோ. மீதி 40 கிலோ எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்துதான். குமிழ் பின் அச்சுக்கு 1.1 மீட்டர் பின்னால் இருக்கிறது, இரு அச்சுகளுக்கும் இடைவெளி 2.7 மீட்டர். அங்கே அழுத்தும் எடை சீசா பலகை போல முன்பக்கத்தைத் தூக்கிவிடுகிறது. 100 கிலோவை 1.1 ஆல் பெருக்கி 2.7 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 41. அவ்வளவு எடை முன்னிருந்து பின்னுக்கு மாறுகிறது. விளக்கு மேல்நோக்கிப் போனதற்கும் ஸ்டியரிங் இலேசானதற்கும் இதுவே காரணம்.

இவ்வளவுக்கும் சரியான அளவு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய தாளிலேயே இருந்தது: முழுப் பாரத்துக்குப் பின் டயரில் 41, முன்னால் 33. வண்டிக்கு வண்டி இது மாறும். டிரெய்லர் இழுப்பதற்கென்று கையேட்டில் தனி அளவு இருந்தால் அதுவே முதன்மை. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவைப் பார்த்து நிரப்பக் கூடாது. தாளில் உள்ள எண்கள் ஆறிய டயருக்கானவை. ஆகவே காலையில் வண்டியை எடுக்கும் முன்பே நிரப்புங்கள், ஓடிய பிறகு எண் ஏறியிருந்தால் அப்படியே விடுங்கள். டிரெய்லரின் டயர்களுக்கு அதன் சொந்தத் தகட்டில் வேறு அளவு இருக்கும்.

காற்றை ஏற்றிவிட்டதால் பின் அச்சின் அனுமதி எடை கூடிவிடாது. என் வண்டியில் அது 1,000 கிலோ, ஆக மீதம் 80 கிலோதான். மூக்கு எடையைக் குறைத்துவிடலாம் என்று டிரெய்லரின் சாமான்களைப் பின்னுக்குத் தள்ளவும் கூடாது, மூக்கு இலேசானால் டிரெய்லர் பாம்பாக நெளியும். டிரெய்லரைக் கழற்றிய பிறகு, டயர் ஆறியதும், வழக்கமான அளவுக்கு இறக்கிவிடுங்கள்.

எடைச் சீட்டைக் காட்டியும் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. "எல்லா வண்டிக்கும் 33 தான் வைக்கிறோம்" என்றார். உங்களுக்கும் யாராவது டிரெய்லர் இணைப்புப் பொருத்தித் தந்தால், பின் டயருக்கு எத்தனை வைத்தீர்கள், எதைப் பார்த்து வைத்தீர்கள் என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.