வணிக கேமில் இருப்பை வைத்து விலை: நீண்ட நாள் ஓட்டிப் பார்த்த அனுபவம்

ஊர் ஊராகச் சரக்கு வாங்கி விற்கும் கேம் ஒன்றை உருவாக்கி வருகிறேன். அதில் ஆரம்பம் முதல் இன்றுவரை மாறாமல் இருப்பது விலைச் சூத்திரம் மட்டும்தான்.

```
price = base * (target / stock) ** 0.5
```

`base` என்பது பொருளின் வழக்கமான விலை. `target` அந்த ஊருக்குப் போதுமான இருப்பு, `stock` இப்போது கையில் இருப்பது. சரக்கு குறைந்தால் விலை ஏறும், குவிந்தால் இறங்கும். அடுக்கை 1 என்று வைத்தால் கொஞ்சம் இறக்கியதுமே விலை படுத்துவிடுகிறது, 0.25 என்றால் எவ்வளவு கொட்டினாலும் பெரிதாக அசைவதில்லை. 0.5 எனக்கு நன்றாக ஒத்துவந்தது.

1984-இல் வந்த எலைட் கேமில் நாம் வாங்குவதாலோ விற்பதாலோ சந்தை விலை மாறாது. கப்பலில் 20 டன், பெரிதாக்கினால் 35 டன்தான் ஏற்றலாம் என்பதே அங்கே கடிவாளம். கப்பல்கள் வளர்ந்துகொண்டே போகும் கேமில் அந்தக் கடிவாளம் போதாது. விலையே ஆளைத் தடுக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரும்பின் `base` 40, `target` 100. சுரங்க ஊரில் 156 மூட்டை இருக்கிறது, விலை 32. துறைமுகத்தில் 64 மூட்டைதான், விலை 50. மூட்டைக்கு 18 காசு வித்தியாசம். 36 மூட்டை ஏற்றிப் போனால் 648 லாபம் என்று திரை சொல்லும். திரையில் தெரியும் அந்த ஒரே விலையில் மொத்தச் சரக்கையும் கைமாற்றும்படி நிரல் எழுதியிருந்தால், பொருளாதாரம் அங்கேயே உடைந்துவிடும். ஊரை விட்டு நகராமலே பணம் பண்ண வழி திறந்துவிடும். இருப்பு 100 உள்ள துறைமுகத்தில் 36 மூட்டையை 40 விலையில் வாங்குங்கள்: 1440. இப்போது இருப்பு 64, விலை 50. அதே 36-ஐ அங்கேயே திருப்பி விற்றால் 1800. இருபக்கமும் 5 சதவீதம் கமிஷன் பிடித்தாலும் 198 மிச்சம். கமிஷனை ஏற்றி இதை அடைக்கப் பார்ப்பவர்கள் நிறைய. ஆனால் அப்படிச் செய்தால் நேர்மையாக ஊர் சுற்றி வியாபாரம் செய்பவரின் லாபம்தான் முதலில் சாகும்.

சரியான வழி, ஒவ்வொரு மூட்டைக்கும் அந்த நொடியின் விலையைப் போடுவது. ஒவ்வொன்றாகச் சுற்ற வேண்டியதில்லை. தொகையிட்டால் ஒரே வரியில் வந்துவிடும்.

```python
def value(low, high, base=40, target=100):
    return 2 * base * target**0.5 * (high**0.5 - low**0.5)
```

இருப்பு 100-இலிருந்து 64-க்கு இறங்கும்படி வாங்கினால் 1600, 64-இலிருந்து 100-க்கு ஏறும்படி விற்றாலும் 1600. போன பாதையிலேயே திரும்பி வருவதால் ஆதாயம் பூஜ்யம், கமிஷன் மட்டும் நஷ்டம். பத்துப் பத்தாகப் பிரித்து வாங்கினாலும் மொத்தமாக வாங்கினாலும் ஒரே தொகை. நீண்ட காலம் ஓட்டியதில் எனக்கு அதிக நிம்மதி தந்தது இந்தக் குணம்தான். மீதமிருக்கும் ஒரே ஓட்டை ரவுண்டிங். 2, 3 காசுப் பொருள்களை ஒவ்வொன்றாக வாங்கி, கீழ்நோக்கி வெட்டப்படும் பின்னத்தைச் சேர்த்துவைப்பவர்கள் வருவார்கள். வாங்கும்போது மேல்நோக்கியும் விற்கும்போது கீழ்நோக்கியும் வெட்டினால் அது அடைபடும்.

இப்போது இரும்புப் பயணத்துக்கு வருவோம். சுரங்கத்தில் இருப்பு 156-இலிருந்து 120-க்கு இறங்க 1228 ஆகிறது, கமிஷனோடு 1290. துறைமுகத்தில் 1600 வருகிறது, கமிஷன் போக 1520. கையில் நிற்பது 230. திரை காட்டிய 648-உடன் ஒப்பிட்டால் குறைவுதான், ஆனாலும் நல்ல லாபம். உடனே மறுபடி ஓடினால் என்ன ஆகும்? சுரங்கத்தில் விலை இப்போது 36.5, கமிஷனோடு 38.3. துறைமுகத்தில் 40, கமிஷன் போக 38. முதல் மூட்டையிலேயே நஷ்டம். யாரும் தடை போடவில்லை, எச்சரிக்கைப் பலகை எதுவும் வரவில்லை. அந்தப் பாதை கொஞ்ச நாளைக்குக் காய்ந்துவிட்டது என்று விலையைப் பார்த்தே பிளேயர் புரிந்துகொண்டு வேறு பொருளைத் தேடுகிறார். இந்த மாடலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

காய்ந்த பாதை மறுபடி ஊற வேண்டும். எல்லா ஊரையும் `target`-ஐ நோக்கி மீட்டால், விலை எல்லா இடத்திலும் 40-இல் வந்து நின்று வியாபாரமே செத்துவிடும். அதனால் ஒவ்வொரு ஊருக்கும் தனியாக ஓர் இயல்பு இருப்பு வேண்டும்: சுரங்கத்துக்கு 156, துறைமுகத்துக்கு 64. தினமும் இடைவெளியில் 10 சதவீதம் மீளும்படி வைத்திருக்கிறேன். ஏழு கேம் நாளில் பாதிக்குச் சற்று மேல் மீண்டுவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, சோதனையின் முதல் சில மணி நேரத்தில் கண்ணில் படாது. சுரங்க இருப்பை 120-இல் விட்டால் மறுநாள் 3.6 மூட்டை ஊறும். 56 வரை உறிஞ்சினால் 10 மூட்டை ஊறும். ஆழமாகச் சுரண்டச் சுரண்ட ஊர் வேகமாக உற்பத்தி செய்கிறது! பெரிய கப்பல்காரருக்கு இது பரிசு கொடுத்தது போல. விலை உயர்வு கொஞ்சம் தடுத்தாலும், தொலைதூரத்தில் நல்ல விலை கிடைக்கும் பொருளில் தடுப்பு போதாது. நாளைக்கு அதிகபட்சம் 4 மூட்டை என்று உற்பத்திக்கு ஓர் உச்சவரம்பு வைத்ததும் அது அடங்கியது. துறைமுகத்தின் நுகர்வுக்கும் அதே வரம்பு. உலகம் முழுவதும் ஒரு நாளில் சம்பாதிக்கக்கூடிய மொத்தத் தொகையை இந்த வரம்புகள்தான் முடிவு செய்கின்றன. லாபம் ஊதிக்கொண்டே போனால் நான் முதலில் தொடுவது இந்த எண்ணைத்தான், விலையை அல்ல.

உடைகிறதா என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு பரிமாற்றத்தையும் லாக்கில் எழுதி, கப்பல் கொள்ளளவில் ஒரு மூட்டைக்கு, ஒரு நாளைக்கு எவ்வளவு லாபம் என்று வரைபடம் போடுகிறேன். கப்பல் வளர வளர இந்தக் கோடு மெதுவாகச் சரிய வேண்டும். கிடையாக நின்றால் எங்கோ வரம்பில்லாத ஊற்று இருக்கிறது. மேலே ஏறினால் ஓட்டை.

பஞ்சம், திருவிழா போன்ற நிகழ்வுகளை விலையில் நேரடியாகப் பெருக்கக் கூடாது. பெருக்கினால் எவ்வளவு சரக்கு வந்து இறங்கினாலும் நிகழ்வு முடியும்வரை விலை செயற்கையாக மேலேயே நிற்கும். இயல்பு இருப்பைத்தான் மாற்ற வேண்டும். துறைமுகத்துக்கு 64-ஐ 36 ஆக்கினால், தினமும் 10 சதவீதம் என்ற கணக்கில் ஏழு, எட்டு நாளில் இடைவெளியில் பாதிக்கு மேல் வற்றி, விலை 67-ஐ நோக்கி ஏறும். முதலில் வருபவருக்குக் கொழுத்த லாபம், மூன்றாமவருக்குச் சாதாரண லாபம்.

இந்த மாடலால் தீராத குறை ஒன்று உண்டு. அந்த இரும்புப் பாதைக்கு 35 மூட்டைதான் உச்ச லாபம் தரும் அளவு. 72 மூட்டைக் கப்பல் வாங்கியவருக்கு அங்கே கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. அவர் பல பொருள்களைக் கலந்து ஏற்ற வேண்டும், அல்லது `target` 1000 உள்ள பெருநகரங்களுக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட நகரங்களைப் பெரிய கப்பல்கள் விற்பனைக்கு வருவதற்கு முன்பே வரைபடத்தில் திறந்துவைக்காவிட்டால், பிளேயர் காசைக் கொட்டி வாங்கிய கப்பல் பாதி காலியாகவே ஓடும்.