சிங்கப்பூரில் வேலையில் அடிபட்டவர்களுக்கு: ‘மூணு நாள் எம்.சி.’ கதையை நம்பாதீர்கள்

கட்டுமானம், ஷிப்யார்டு என்று சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் இருக்கும் நம்மாட்களுக்காக இதை எழுதுகிறேன். வேலையில் அடிபட்டதும் கம்பெனியில் சொல்லும் முதல் பொய் இது: “மூணு நாளுக்கு மேல எம்.சி. இருந்தாத்தான் எம்.ஓ.எம்.முக்கு ரிப்போர்ட் பண்ணணும்.”

ஒரு காலத்தில் இது உண்மைதான். மூன்று நாளுக்கு மேல் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்க வேண்டும் என்று இருந்தது. 2020 செப்டம்பர் 1-ஆம் தேதியிலிருந்து அந்த விதி இல்லை. இப்போது ஒரே நாள் எம்.சி. என்றாலும், எம்.சி.யே இல்லாமல் டாக்டர் ‘லைட் டியூட்டி’ என்று மட்டும் எழுதினாலும், விஷயம் முதலாளிக்குத் தெரிந்த 10 நாளுக்குள் எம்.ஓ.எம். என்கிற மனிதவள அமைச்சுக்கு அறிவித்தாக வேண்டும். எனக்குச் சொல்லப்பட்டது பழைய விதி. சொன்னவருக்குப் புதியது தெரியாது என்று நான் நம்பவில்லை, அவர் சேஃப்டி கோர்ஸ் முடித்தவர்.

நடந்தது இது. லாரி கிரேனில் ஃபார்ம்ஒர்க் பேனல் இறக்கும்போது அது ஆடி, என் இடது மோதிர விரல் பேனலுக்கும் தூணுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கையுறையைக் கழற்றினால் நகம் அதோடு வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று கம்பெனி லாரியிலேயே அவர்கள் வழக்கமாகப் போகும் கிளினிக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் அறைக்குள் சூப்பர்வைசரும் வந்து உட்கார்ந்தார். டாக்டர் எம்.சி. எழுதப் போகும்போது, “லைட் டியூட்டி போடுங்க டாக்டர், ஸ்டோர்ல உக்கார வச்சிக்கிறோம்” என்றார். டாக்டரும் அப்படியே எழுதினார். சீட்டை சூப்பர்வைசர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆனால் ஸ்டோருக்கு யாரும் கூப்பிடவில்லை. “ரூம்லயே ரெஸ்ட் எடுங்க தம்பி, அட்டெண்டன்ஸ் நாங்க பாத்துக்கிறோம்” என்றார்கள். நான் டார்மிட்டரியில் படுத்திருந்த நாட்களெல்லாம் டைம்கார்டில் சைட்டில் வேலை பார்த்ததாக ஏறியிருந்தது. சம்பளச் சீட்டிலும் முழு வருகை, ஆனால் ஓ.டி. மட்டும் சுழியம். பார்த்தால் நல்ல மனசு மாதிரி தெரியும். கணக்கு வேறு. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டப்படி விடுப்பு நாளுக்கும் லைட் டியூட்டி நாளுக்கும் தர வேண்டியது, ஓ.டி.யும் சேர்ந்த சராசரி மாதச் சம்பளத்தை வைத்துக் கணக்கிட்ட தொகை. வெளிநோயாளி எம்.சி. என்றால் 14 நாள் வரை அது முழுசாக வரும், அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு. நம்மில் பாதிப் பேருக்கு வருமானமே ஓ.டி.யில்தான் இருக்கிறது. எனக்கு வந்தது அடிப்படைச் சம்பளம் மட்டும்.

இன்னொரு காரணம் சைட் வாசலில் தொங்கியது. ‘விபத்தில்லாத நாட்கள்’ என்ற பலகை. மறுநாள் காலையில் அதில் எண் ஒன்று கூடியிருந்ததாக ரூம்மேட் வந்து சொன்னான். நாங்கள் சப்கான்ட்ராக்ட். எங்களுக்கு வேலை கொடுக்கும் மெயின்கான் வரைக்கும் விஷயம் போனால் அடுத்த வேலை கிடைக்காது என்ற பயம் எங்கள் முதலாளிக்கு.

விரல் நுனி மடங்கவில்லை, வலியும் நிற்கவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்கு நானே போனேன். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், எலும்பு உடைந்து கோணலாகச் சேர்ந்திருக்கிறது என்றார். இது வேலையில் பட்டதா என்று கேட்டார், ஆமாம் என்றேன், கேஸ் சீட்டில் அதை எழுதினார். பிறகு அமைச்சுக்கு போன் போட்டு, என் ஃபின் எண்ணையும் விபத்து நடந்த தேதியையும் கொடுத்தேன். அந்தத் தேதியில் என் பேரில் எந்த அறிக்கையும் வரவில்லை என்றார்கள். ஆபீஸில் கேட்ட ஒவ்வொரு தடவையும் “எல்லாம் பண்ணியாச்சு, இன்ஷூரன்ஸ்ல போயிட்டிருக்கு” என்று சொல்லியிருந்தார்கள். அறிக்கை போகாதபோது இன்ஷூரன்ஸ்காரனுக்கு எப்படித் தெரியும்?

முதலாளி அறிவிக்காவிட்டாலும் தொழிலாளியே இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்கலாம். விபத்து நடந்த தேதியிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். ‘கொஞ்சம் பொறுங்க, பொறுங்க’ என்று இழுப்பதன் நோக்கமே இந்த ஓராண்டைத் தாண்ட வைப்பதுதான். நான் அதற்குள் போட்டுவிட்டேன். போட்டதும் கம்பெனியின் பதில் வந்தது: டார்மிட்டரியில் கதவில் விரலை நசுக்கிக்கொண்டான், அன்றைக்கு வேலைக்கு வந்தான், மறுநாளும் வந்தான், டைம்கார்டைப் பாருங்கள். அந்த நல்ல மனசு அட்டெண்டன்ஸ் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

என்னைக் காப்பாற்றியது மூன்று விஷயம். அடிபட்ட அன்றே ரத்தத்தோடு கையுறையையும் பேனலையும் ரூம்மேட் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட படம், அதற்குக் கீழே “டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்” என்று சூப்பர்வைசரே போட்ட பதில், கிளினிக்கில் இருந்த பதிவு. கிளினிக்கில் போய் என் பெயரில் உள்ள சீட்டின் நகலைக் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். லைட் டியூட்டி என்று அதில் தெளிவாக இருந்தது. விரலுக்கு நிரந்தர ஊனம் எவ்வளவு என்று மதிப்பிட்டு இன்ஷூரன்ஸ் பணம் வந்தது. கம்பெனிக்கு என்ன தண்டனை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அறிவிக்காமல் மறைத்தால் முதல் தடவை 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது.

காயத்தைத் தவிர இன்னும் இரண்டு வகை உண்டு, அதையும் மறைப்பார்கள். கிரேன் சாய்வது, ஃபார்ம்ஒர்க் சரிவது, வெடிவிபத்து போன்றவை ‘அபாயகரமான நிகழ்வு’. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் வேலையிடத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர் உடனே தகவல் சொல்லி, 10 நாளுக்குள் அறிக்கையும் தர வேண்டும். “யாருக்கும் ஒண்ணும் ஆகலையே” என்பது இதில் செல்லாது. உயிரிழப்பு என்றாலும் அதே மாதிரி உடனே தகவல், பிறகு 10 நாளுக்குள் அறிக்கை. அடுத்தது தொழில் நோய். ஷிப்யார்டில் பல வருஷம் கிரைண்டிங் செய்து காது மந்தமாவது, சிமெண்டில் கை தோல் வெடிப்பது போன்றவை. இதில் டாக்டர் நோயை உறுதிசெய்து எழுதியது முதலாளி கைக்கு வந்ததிலிருந்து 10 நாள் கணக்கு. முதலாளி மட்டுமல்ல, டாக்டரும் தனியாக அறிவிக்க வேண்டும். அதனால் காது பரிசோதனைக்குப் போனால் என்ன வேலை, எத்தனை வருஷம், என்ன மெஷின் என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கேஸ் போட்டால் பெர்மிட்டை கேன்சல் பண்ணி ஊருக்கு ஏற்றிவிடுவோம் என்று மிரட்டுவார்கள். பெர்மிட் போனாலும், கேஸ் நடக்கும்வரை தங்க அமைச்சு ஸ்பெஷல் பாஸ் கொடுப்பது உண்டு. அந்த நாட்களில் வேலை பார்க்க முடியாமல் போகலாம், அது கஷ்டம்தான். என் பக்கத்து ரூமில் ஒருவர் அந்தக் கஷ்டத்துக்குப் பயந்தே கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போனார்.

அடிபட்ட அன்றே, மருந்து போட்டு ரூமுக்கு வந்ததும், சூப்பர்வைசர் நம்பருக்கு இப்படி ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். தமிழிலேயே போடலாம்:

“அண்ணே, இன்னைக்கு (தேதி) காலை 10.30-க்கு, பிளாக் 2 மூணாவது மாடியில, பேனல் இறக்கும்போது என் இடது கை விரல் நசுங்கிருச்சு. கூட இருந்தது (பெயர்கள்). டாக்டர் லைட் டியூட்டி எழுதிருக்கார், சீட்டு படம் கீழே. எம்.ஓ.எம். ரிப்போர்ட் போனதும் அதோட நகலை எனக்கு அனுப்புங்க.”

பத்து நாள் கழித்தும் நகல் வரவில்லை என்றால் அமைச்சுக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்கள். ஃபின் எண்ணும் விபத்துத் தேதியும் கையில் இருக்கட்டும்.