ஆறாயிரம் கொடுத்து வாங்கிய அரைகுறைத் தாள்

பல் பிடுங்கியவர்களுக்குக் கொடுக்கும் குறிப்புத் தாளை இணையத்தில் ஆள் பிடித்து எழுதி வாங்க நினைக்கும் மருத்துவர்களே, முதலில் இதைப் படியுங்கள். எனக்கு ஆறாயிரம் போய்விட்டது.

எங்கள் பழைய தாளில் 'வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும், கடினமானவற்றைத் தவிர்க்கவும்' என்றுதான் இருந்தது. எப்போது முதல், எத்தனை நாள் என்று எதுவும் இல்லை. மாற்றி எழுத, பகுதிநேர எழுத்தாளர்களைப் பிடித்துத் தரும் ஒரு தளத்தில் தேடினேன். ஒருவர் மாதிரி அனுப்பினார்: 'பஞ்சை 30 நிமிடம் அழுத்திக் கடித்திருங்கள். இடையில் எடுத்துப் பார்க்காதீர்கள்.' அந்த இரண்டு வரியில் விழுந்துவிட்டேன். நோயாளி பஞ்சை எடுத்து எடுத்துப் பார்ப்பார் என்பது தெரிந்தவர் எழுத்தல்லவா அது! முழுத் தொகையையும் முன்பணமாகவே கொடுத்தேன். அது யார் எழுதியதோ, இப்போது சந்தேகமாக இருக்கிறது.

வந்த தாள் அழகாக இருந்தது. மூன்றாவது வரியில் 'வெதுவெதுப்பான உப்பு நீரால் நன்றாகக் கொப்பளிக்கவும்'. ஒன்பதாவது வரியில் 'முதல் நாள் கொப்பளிக்க வேண்டாம்'. மேலோட்டமாகப் பார்த்து அச்சுக்கு அனுப்பியது என் தவறுதான்.

கீழ்க் கடைவாய்ப் பல் எடுத்த ஒருவர், தாளில் உள்ள வரிசைப்படியே அன்று மாலை நான்கு முறை பலமாகக் கொப்பளித்திருக்கிறார். பல் இருந்த குழியில் உறையும் இரத்தம்தான் எலும்புக்கு மூடி. அது பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரியும். மூன்றாம் நாளான நேற்று, காது வரை தெறிக்கும் வலியோடு வந்தார். குழி காலியாக இருந்தது, வாயில் நாற்றம். கொப்பளிக்காதவர்களுக்கும் இது வருவதுண்டு. ஆனால் "இதில் இருப்பதைத்தானே செய்தேன், டாக்டர்?" என்று அவர் தாளை நீட்டியபோது என்னால் வாய் திறக்க முடியவில்லை. குழியைக் கழுவி மருந்துத் துணி வைத்து அனுப்பினேன்.

எழுதியவரிடம் கேட்டால், "தகவல் எல்லாம் உள்ளே இருக்கிறதே, வரிசை உங்கள் விருப்பம்" என்றார். வரிசைக்காகத்தானே ஐயா ஆறாயிரம்! தளத்திடம் முறையிட்டேன்: திருத்தம் கேட்கும் காலம் முடிந்துவிட்டதாம். மறுபடி எழுதினேன், அதே பதில், அதே எழுத்துக்கள்.

இரவு நானே உட்கார்ந்து கடிகாரப்படி எழுதினேன். முதல் 30 நிமிடம் பஞ்சு. மரப்பு போகும்வரை உணவு வேண்டாம், உதட்டைக் கடித்துவிடுவீர்கள். 24 மணி நேரம் கொப்பளிப்பதோ துப்புவதோ உறிஞ்சுகுழலோ கூடாது. எச்சிலில் இலேசான சிவப்பு இயல்பு; இரத்தம் நிற்காமல் வந்தால் புதுப் பஞ்சை இன்னொரு 30 நிமிடம் கடியுங்கள், அப்போதும் நிற்காவிட்டால் உடனே அழையுங்கள். மறுநாள் முதல் உப்பு நீரை வாயில் வைத்து, தலையை மெல்லச் சாய்த்து, தானாக வழிய விடுங்கள். புகை மூன்று நாளாவது வேண்டாம். ஒரு மணி நேர வேலை; இதற்கா ஆறாயிரம்?

ஆலோசனை சொல்ல வந்தேன், கோபத்தில் பாதி மறந்துவிட்டது. முழுப் பணத்தையும் முன்பே கொடுக்காதீர்கள். உங்கள் தாளிலிருந்தே ஒரு வரியைக் கொடுத்து எழுதச் சொல்லிப் பாருங்கள். அச்சடிக்குமுன் மருத்துவம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, "இன்று இரவு என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். தளத்துக்கு மூன்றாவது கடிதம் இப்போதுதான் அனுப்பினேன்.